எந்த வரியில் எந்த எடுகோள்? வாயு அழுத்தப் பாடத்தை வருவிப்புத் தாளாக்குவது

படிவம் 6 இயற்பியலின் முதல் பருவத்தில் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை வருகிறது. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அந்த அத்தியாயம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் ஐந்தாறு எடுகோள்கள் பட்டியலாக வரும்: மூலக்கூறுகள் மிகப் பல, அவற்றின் கனஅளவு மிகச் சிறிது, அவற்றுக்கிடையே விசை இல்லை, மோதல்கள் மீள்மோதல்கள், இயக்கம் ஒழுங்கற்றது. அதற்குக் கீழே ஒரு கனசதுரப் பெட்டியின் படம். பிறகு ஒரு பக்கம் நிறையச் சமன்பாடுகள். கடைசி வரியில் pV = ⅓Nm⟨c²⟩. பட்டியலில் உள்ள எந்த எடுகோள் எந்த வரியில் வேலை செய்தது என்று எங்கும் எழுதியிருக்காது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும், டியூஷனில் விளக்கம் தமிழில் நடக்கும், கையில் இருப்பது ஃபோட்டோஸ்டாட் எடுத்த குறிப்பு. எடுகோள் பட்டியலை ஒரு மனப்பாடமாகவும் சமன்பாடுகளை வேறொரு மனப்பாடமாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டையும் அச்சு மாறாமல் எழுதிவிடுவார்கள். "வாயுவை மிகவும் அழுத்தினால் இந்தச் சமன்பாடு ஏன் பொய்க்கிறது?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். அந்தக் கேள்விக்குப் பதில் அவர்கள் எழுதிய வரிகளுக்குள்ளேயே இருக்கிறது. அது கண்ணில் படும்படி அத்தியாயத்தை மாற்றி எழுதுவதுதான் வருவிப்புத் தாள். இந்த ஒரே சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம்.

தாளின் அமைப்பு

ஓர் ஏ4 தாளைக் குறுக்காகப் போட்டு நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி ஒடுக்கமானது, வரி எண்ணுக்கு. இரண்டாவது, சமன்பாட்டுக்கு. மூன்றாவது, அந்தச் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்பதற்கு. நான்காவதுதான் அகலமாக இருக்க வேண்டும். இந்த வரி உண்மையாக இருக்க எது உண்மையாக இருக்க வேண்டும், அது இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அங்கே முழு வாக்கியமாக எழுத வேண்டும். பேசும் மொழியில், தமிழில், எழுதினால் போதும். தேர்வு மொழியில் மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பத்தியில் எழுதத்தக்கவை நான்கே. ஒன்று வரையறை: p = F/A போல, நாம் ஒரு சொல்லுக்குக் கொடுத்த பொருள். இரண்டு விதி: நியூட்டன் விதி போல, சோதனையால் நிலைநின்ற ஒன்று. மூன்று கணிதம்: பித்தாகரஸ், இயற்கணிதச் சுருக்கம். நான்கு எடுகோள். முதல் மூன்றையும் யாரும் மறுக்க முடியாது. சமன்பாடு பொய்க்கிறது என்றால் நான்காம் வகை வரி ஒன்றில்தான் பொய்த்திருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பிரிவினை.

ஒரு வரியில் ஒரே ஒரு புதிய காரணம்தான் நுழையலாம். இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவே கூடாது. புத்தகத்தில் "ஆகவே" என்று தொடங்கும் ஒரு வரியில் மூன்று காரணங்கள் ஒளிந்திருக்கும். அதை மூன்று வரியாக உடைத்துவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் நாலைந்து வரியாக அச்சிடப்படுவது தாளில் ஒன்பது வரியாக நீளும்.

எழுதத் தொடங்கும் முன் குறியீடுகளைத் தாளின் தலையில் நிலைப்படுத்திவிட வேண்டும். இந்தப் பாடத்தில் p என்பது அழுத்தத்துக்கும் வரும், உந்தத்துக்கும் வரும். n என்பது மோல் எண்ணிக்கைக்கும் வரும், ஒரு கன மீட்டரில் உள்ள மூலக்கூறுகளுக்கும் வரும். நம் தாளில் p அழுத்தம் மட்டும். உந்தத்தை mc என்றே எழுதுவோம். n என்பது N/V மட்டும்.

வரி வரியாக

பக்க நீளம் L உள்ள கனசதுரப் பெட்டி. உள்ளே N மூலக்கூறுகள், ஒவ்வொன்றின் நிறை m. ஒரு மூலக்கூறு x திசையில் cₓ திசைவேகத்தோடு வலப்பக்கச் சுவரில் மோதித் திரும்புகிறது.

```
1.  Δ(mcₓ) = −mcₓ − mcₓ = −2mcₓ
```

மூன்றாம் பத்தியில் "வரையறை, எடுகோள்" என்று இரண்டும் வந்து நிற்கும். உந்த மாற்றம் என்பது இறுதி கழித்தல் தொடக்கம், அது வரையறை. திரும்பும்போதும் அதே cₓ இருக்கும் என்பது எடுகோள். ஆகவே விதிப்படி இதையே இரண்டாக உடைக்க வேண்டும்: முதலில் "இறுதித் திசைவேகம் −cₓ", பிறகு கழித்தல். நான்காம் பத்தியில் எழுத வேண்டியது: மோதல் மீள்மோதல், சுவர் வழவழப்பானது (இல்லாவிட்டால் y, z கூறுகளும் மாறும்), சுவர் அசையவில்லை. மூன்றாவதைப் பெரும்பாலான பட்டியல்களில் காண முடியாது. சுவர் உள்நோக்கி நகரும் பிஸ்டனாக இருந்தால் மூலக்கூறு வந்ததைவிட வேகமாகத் திரும்பும். சைக்கிள் பம்பின் அடி சூடாவதற்கு மூலகாரணம் அதுதான். பின்னால் வரும் வெப்பமாறா அழுக்கப் பாடத்துக்கு இந்த ஒரு குறிப்பு வழி திறந்து வைக்கும்.

```
2.  Δt = 2L/cₓ
```

கணிதம் எளிது: தூரம் வகுத்தல் வேகம். ஆனால் இந்த ஒரு வரியில் எத்தனை எடுகோள்கள் அடைந்து கிடக்கின்றன பாருங்கள். மூலக்கூறு எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பும்வரை வழியில் வேறு எதன்மீதும் மோதவில்லை. வழியில் அதை யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. எதிர்ச்சுவரும் இதே மாதிரி மீள்மோதல் சுவர். மூலக்கூறு ஒரு புள்ளி. அதற்கு d என்ற விட்டம் இருந்தால் மையம் கடக்கும் தூரம் 2(L − d) ஆகிவிடும். பட்டியலில் "கனஅளவு புறக்கணிக்கத்தக்கது", "விசை இல்லை" என்ற இரண்டும் முதன்முதலில் தரையில் கால் வைக்கும் இடம் இது. இந்த வரிக்கு ஒரு நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள், திரும்பி வர வேண்டியிருக்கும்.

```
3.  f = 2mcₓ ÷ (2L/cₓ) = mcₓ²/L
```

இது ஒரு மூலக்கூறு சுவரின்மீது செலுத்தும் சராசரி விசை. காரணம்: நியூட்டனின் இரண்டாம் விதி, பிறகு குறி மாறுவதற்கு மூன்றாம் விதி. இந்த வரியில் எல்லா வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும் கேள்வி உண்டு: "டீச்சர், சுவரில் மோதுற நேரம் ரொம்பக் கொஞ்சம்தானே? அந்த நேரத்தால வகுக்காம ஏன் போய்த் திரும்புற நேரத்தால வகுக்கிறோம்?" மிக நல்ல கேள்வி. தொட்டிருக்கும் நேரத்தால் வகுத்தால் கிடைப்பது மோதும் கணத்து விசை. அது பெரியது, ஆனால் பெரும்பாலான நேரம் அந்த விசை சுழி. நமக்கு வேண்டியது நீண்ட நேரத்துக்குச் சுவர் உணரும் சராசரி. எனவே நான்காம் பத்தியில் "f கணத்து விசை அல்ல, பல மோதல்களின் சராசரி" என்று எழுதியே ஆக வேண்டும்.

```
4.  F = (m/L) Σ cₓ²  =  Nm⟨cₓ²⟩/L
```

எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே m என்பது எடுகோள். கூட்டுத்தொகையை N ஆல் வகுத்துச் சராசரி என்று பெயரிட்டது வரையறை. N மிகப் பெரியது என்ற எடுகோளுக்கு இங்கேதான் வேலை. தகரக் கூரையில் முதல் தூறல் விழும்போது ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் கேட்கும், அடைமழையில் ஒரே இரைச்சலாகிவிடும். சுவரின்மீதான விசையும் அப்படித்தான் நிலையான ஓர் எண்ணாகிறது. N சிறியதாக இருந்தால் F என்று ஓர் எண்ணைச் சொல்லவே முடியாது, அது துள்ளிக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு தவறு மிகச் சுலபமாக நேரும். ⟨c²⟩ என்பதை ⟨c⟩² என்று எடுத்துக்கொள்வது. தாளின் ஓரத்தில் மூன்றே மூன்று எண்களை எழுதி வைத்தால் அந்தத் தவறு திரும்ப வராது. வேகங்கள் 300, 500, 700 மீ/வி. சராசரி 500, அதன் வர்க்கம் 2,50,000. ஆனால் வர்க்கங்களின் சராசரி சுமார் 2,76,700, அதன் வர்க்கமூலம் 526. சராசரியும் வர்க்கச் சராசரி மூலமும் ஒன்றல்ல.

```
5.  p = F/L² = Nm⟨cₓ²⟩/V
```

வரையறையும் கணிதமும் மட்டும். V என்பது மூலக்கூறு உலாவக் கிடைத்த முழு இடம் என்பதால், கனஅளவு பற்றிய எடுகோள் வரி 2 இலிருந்து இங்கே இறங்கி வந்திருக்கிறது என்று குறித்தால் போதும்.

```
6.  ⟨c²⟩ = ⟨cₓ²⟩ + ⟨c_y²⟩ + ⟨c_z²⟩
```

வெறும் கணிதம். முப்பரிமாணப் பித்தாகரஸ். நான்காம் பத்தி காலியாக இருக்கட்டும். அங்கே எதையாவது நிரப்ப வேண்டும் என்று தேடாதீர்கள். காலி இடம் "இந்த வரி ஒருபோதும் பொய்க்காது" என்று சொல்கிறது.

```
7.  ⟨cₓ²⟩ = ⟨c_y²⟩ = ⟨c_z²⟩ = ⅓⟨c²⟩
```

இது முழுக்க முழுக்க எடுகோள். எந்தத் திசைக்கும் தனிச் சலுகை இல்லை. பட்டியலில் "இயக்கம் ஒழுங்கற்றது" என்று மொட்டையாக எழுதியிருப்பதன் உண்மையான பொருள் இதுதான். வாயு மொத்தமாக ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால், அறையின் தரையோடு சேர்ந்து அளந்த cₓ இந்த வரிக்கு ஒத்துவராது. வாயுவோடு சேர்ந்து நகர்ந்து அளக்க வேண்டும். புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கிறதே என்றால், அதை எண்ணால் முடித்துவிடலாம். நம் ஊர் 27°C வெப்பத்தில் நைட்ரஜன் அடர்த்தி சுமார் 1.14 கி.கி/மீ³. 10 செ.மீ. உயரப் பெட்டியில் மேலுக்கும் கீழுக்கும் அழுத்த வேறுபாடு ρgh, அதாவது சுமார் 1.1 பாஸ்கல். மொத்த அழுத்தம் 1,01,000 பாஸ்கல். இலட்சத்தில் ஒரு பங்கு.

```
8.  pV = ⅓Nm⟨c²⟩
```

5 ஐயும் 7 ஐயும் சேர்த்தது. புதிதாக எதுவும் நுழையவில்லை.

```
9.  ½m⟨c²⟩ = (3/2)kT
```

புத்தகத்தில் இது வரி 8 இலிருந்து பிறந்தது போலத் தோன்றும். பிறக்கவில்லை. pV = NkT என்பது வேறு வழியாக, அளவீடுகள் வழியாக, வந்த இலட்சிய வாயுச் சமன்பாடு. இரண்டின் இடப்பக்கமும் ஒன்றாக இருப்பதால் வலப்பக்கங்களைச் சமமாக்குகிறோம். ஆகவே மூன்றாம் பத்தியில் "விதி: இலட்சிய வாயுச் சமன்பாடு, வெளியிலிருந்து" என்று எழுத வேண்டும். அப்படி எழுதாத பிள்ளை, "இந்தக் கொள்கையிலிருந்து பாயில் விதியை நிறுவுக" என்ற கேள்வியில் pV = NkT ஐ முதலிலேயே பயன்படுத்தி வட்டமடித்துவிடும். நிறுவ வேண்டியதையே கொண்டு நிறுவியதாகிவிடும்.

எண் வைத்துச் சரிபார்ப்பதும் தாளின் ஒரு பகுதி. 300 கெல்வினில் நைட்ரஜனுக்கு √(3RT/M), M = 0.028 கி.கி., வருவது 517 மீ/வி. அதே எண்ணை வரி 8 இன் அடர்த்தி வடிவமான p = ⅓ρ⟨c²⟩ இல் போட்டால் 1.01 × 10⁵ பாஸ்கல் திரும்பக் கிடைக்கிறது. அடர்த்தியையும் வேகத்தையும் ஒரே T கொண்டு கணக்கிட்டதால் இது புதிய சான்று அல்ல. ஆனால் 2 ஐயோ 3 ஐயோ எங்காவது தவறவிட்டிருந்தால் இங்கே உடனே காட்டிக்கொடுக்கும்.

நட்சத்திரம் போட்ட வரி

இப்போது வரி 2 க்குத் திரும்புவோம். மூலக்கூறு வழியில் மோதாமல் போய்த் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறோம். சாதாரண அறைக்காற்றில் ஒரு மூலக்கூறு இரண்டு மோதல்களுக்கு நடுவே கடக்கும் சராசரித் தூரம் சுமார் 70 நானோமீட்டர். பெட்டி 10 செ.மீ. என்றால் அது பத்து இலட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. வரி 2 இல் சொன்ன பயணத்தை எந்த மூலக்கூறும் ஒருமுறைகூட முடிப்பதில்லை.

இந்த ஐயம் புதிதல்ல. கிளவுசியஸ் 1857 இல் தம் வாயுக் கொள்கையை வெளியிட்டபோது, டச்சு வானிலை அறிஞர் பைஸ் பலோட் ஒரு கேள்வி எழுப்பினார்: மூலக்கூறுகள் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடுகின்றன என்றால், ஒரு வாசனை அறையின் மறுமூலைக்கு வர ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? சமையலறையில் கருவாடு பொரித்தால் முன்வாசலுக்கு எப்போது எட்டுகிறது என்று யோசித்தால் கேள்வியின் வலு புரியும். 1858 இல் கிளவுசியஸ் கொடுத்த பதிலில்தான் மோதலிடைத் தூரம் என்ற கருத்தே பிறந்தது.

வரி 2 தவறு என்றால் விடை மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? விடைக்கு அந்த வரி தேவையே இல்லை. வரி 2, 3, 4 மூன்றையும் தூக்கிவிட்டு வேறு வரிகளைப் போடலாம். தாளில் இவற்றை 2அ, 3அ, 4அ என்று ஒட்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

சுவரில் A பரப்புள்ள ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்வோம். மிகக் குறுகிய Δt நேரத்தில் அதில் யார் யார் மோதுவார்கள்? சுவரை நோக்கி cₓ வேகத்தில் வருபவர்களில், cₓΔt தூரத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்.

```
2அ.  மோதல் எண்ணிக்கை = n′ A cₓ Δt
3அ.  சுவர் பெறும் உந்தம் = 2mcₓ × n′ A cₓ Δt
4அ.  p = 2m × (n/2) × ⟨cₓ²⟩ = nm⟨cₓ²⟩
```

n′ என்பது அந்த cₓ வேகம் கொண்டவர்களின் செறிவு. 2அ வுக்கு நான்காம் பத்தியில் எழுத வேண்டியவை: Δt என்பது இரண்டு மோதல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைவிட மிகச் சிறியது (அறைக்காற்றில் அந்த இடைவேளை ஒரு நானோவிநாடியில் ஏழில் ஒரு பங்கு அளவு), செறிவு சுவர்வரை ஒரே சீரானது. 4அ வில் உள்ள n/2 ஐக் கவனியுங்கள். மூலக்கூறுகளில் பாதிதான் சுவரை நோக்கி வருகின்றன, மறுபாதி விலகிப் போகின்றன. அந்தப் பாதியை மறந்தால் கடைசியில் ⅔ வந்து நிற்கும். இந்த வழியில் மிக அதிகமாக நேரும் பிழை அதுதான். முதல் வழியில் இந்தப் பாதி ஏன் வரவில்லை? அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் 2L இலேயே எண்ணிவிட்டோம்.

4அ வில் L இல்லை. ஆகவே பெட்டி கனசதுரமாக இருக்க வேண்டியதும் இல்லை. சிலிண்டர், பலூன், உருளைக்கிழங்கு வடிவம், எதுவானாலும் சரி. முதல் வழியில் கனசதுரம் ஓர் எடுகோளாக நுழைந்தது, ஆனால் எந்தப் பட்டியலிலும் அதை எழுதுவதில்லை, படத்தோடு சேர்ந்து சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. "மோதலே இல்லை" என்பதும் அப்படியே விழுந்துவிடுகிறது. தேர்வில் எந்த வழியை எழுதலாம்? பாடநூலில் உள்ள பெட்டி வழியே எழுதலாம், அதுவே வழக்கம். ஒட்டுத்தாள் நமக்கு.

வரி 1 க்கும் இதே மாதிரி ஓர் இளக்கம் உண்டு. உண்மையான சுவர் மூலக்கூறு அளவில் வழவழப்பாக இல்லை. மூலக்கூறு சில வேளை சுவரில் சற்று ஒட்டிக்கிடந்து, வேறு திசையில் வேறு வேகத்தில் கிளம்பும். தனித்தனி மோதல் மீள்மோதலாக இருக்கத் தேவையில்லை. போகும் கூட்டமும் வரும் கூட்டமும் சராசரியில் ஒத்திருந்தால் போதும். அதற்குச் சுவரும் வாயுவும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். எடுகோள் மறையவில்லை, உருமாறி நிற்கிறது. நான்காம் பத்தியில் இரண்டு வடிவத்தையும் எழுதிவைக்கலாம்.

தேவையில்லாத எடுகோள் ஏன் கெடுதல்

சில குறிப்புகளில் வரி 7 க்குப் பதிலாக "மூலக்கூறுகளில் மூன்றில் ஒரு பங்கு x அச்சில் ஓடுகிறது" என்று எழுதியிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் ⅓ சரியாகவே வரும், மதிப்பெண்ணும் கிடைக்கலாம். ஆனால் அது பொய். எந்த மூலக்கூறும் அச்சுக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. நமக்குத் தேவைப்பட்டது வர்க்கச் சராசரிகள் மூன்றும் சமம் என்பது மட்டுமே.

விடை சரியாக வந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அடுத்த கேள்வியில் குறை தெரியும்: ஒரு சதுர மீட்டர் சுவரில் விநாடிக்கு எத்தனை மூலக்கூறுகள் மோதுகின்றன? பங்கு பிரித்தவருக்கு ஆறில் ஒரு பங்கு இந்தச் சுவரை நோக்கி வருகிறது, எனவே n⟨c⟩/6. எல்லாத் திசைகளையும் முறையாகக் கூட்டினால் n⟨c⟩/4. ஒன்றரை மடங்கு வித்தியாசம். அழுத்தக் கணக்கில் தற்செயலாகத் தப்பித்த பொய், இங்கே பிடிபடுகிறது. ஆகவே தாளை முடித்ததும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எடுகோளுக்கும் எதிரே அது வேலை செய்த வரி எண்ணை எழுதுங்கள். எண் இல்லாத எடுகோள் தேவையில்லாதது, அல்லது நாம் ஒரு வரியைத் தாண்டிவிட்டோம். அதேபோல், "எடுகோள்" என்று குறித்த வரி ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கனசதுரம், அசையாத சுவர், சம வெப்பநிலை, சீரான செறிவு என நாலைந்து புதியவை பட்டியலில் ஏறும்.

செம்பனை ஆலைக்கு எடுத்துப் போனால்

தாள் உழைக்கிறதா என்று பார்க்க, எடுகோள்கள் உண்மையிலேயே தளரும் ஓர் இடத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். நம் பக்கம் செம்பனை ஆலைகள் உண்டு. குலைகளை அவிக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி சுமார் 3 பார் அழுத்தமானி அளவில் இருக்கும். பழைய மீட்டர்களில் 40 பிஎஸ்ஐ என்று பார்த்திருப்பீர்கள். மானி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அளவு மட்டும். சமன்பாட்டில் போட வேண்டியது அதோடு ஒரு பார் சேர்த்து, 4 பார். அதைச் சேர்க்காமல் போட்டால் அடர்த்தி கால் பங்கு குறைந்துவிடும். p என்பது முழு அழுத்தம் என்று தாளின் தலையில், குறியீட்டுப் பட்டியலிலேயே எழுதிவிடுவது நல்லது.

4 பாரில் நிறைவுற்ற நீராவியின் வெப்பநிலை 143.6°C, அதாவது 417 கெல்வின். நம் தாளின்படி அடர்த்தி pM/RT. M = 0.018 கி.கி. போட்டால் 2.08 கி.கி/மீ³ வருகிறது. நீராவி அட்டவணையைப் பார்த்தால் அந்த நிலையில் ஒரு கிலோ நீராவி 0.462 மீ³ இடம் பிடிக்கிறது. அடர்த்தி 2.16. நான்கு விழுக்காடு கூடுதல். அறைக்காற்றில் இதே ஒப்பீட்டைச் செய்தால் பிசகு ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

எந்த வரி உடைந்தது? தாளில் நட்சத்திரம் போட்ட வரி 2 இன் நான்காம் பத்தியைப் படியுங்கள். சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: மூலக்கூறின் கனஅளவு, மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு. கனஅளவுதான் காரணம் என்றால், மூலக்கூறுக்குக் கிடைக்கும் இடம் குறைகிறது, சுவரில் அடிக்கடி மோதுகிறது, அதே அடர்த்திக்கு அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதாவது 4 பாரைத் தர 2.08 ஐவிடக் குறைவான அடர்த்தியே போதும். ஈர்ப்பு காரணம் என்றால், சுவரை நெருங்கும் மூலக்கூறைப் பின்னால் இருப்பவை இழுத்துப் பிடிக்கின்றன, அடி மென்மையாக விழுகிறது, சில மூலக்கூறுகள் இணைந்தும் கொள்கின்றன. அதே 4 பாரைத் தர அதிக அடர்த்தி வேண்டும். அட்டவணை காட்டுவது அதிக அடர்த்தி. ஆகவே இங்கே மேலோங்கி நிற்பது ஈர்ப்பு. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றுபவை என்பதோடு இது ஒத்துப்போகிறது. வான் டெர் வால்ஸ் 1873 இல் இந்த இரண்டு எடுகோள்களுக்கும் தனித்தனியாக a, b என்று இரண்டு திருத்தங்கள் வைத்தார். b கனஅளவுக்கு, a ஈர்ப்புக்கு. தாளில் அவற்றை வரி 2 க்கும் வரி 5 க்கும் நேராக, வேறு நிற மையில் எழுதி வைத்தால், அடுத்து வரும் வான் டெர் வால்ஸ் சமன்பாட்டுக்குத் தனித் தாள் தேவைப்படாது.

கடைசியாகத் தாளின் அடியில் ஒரு பெட்டி போட்டு, இந்தச் சமன்பாடு எதுவரை செல்லும் என்பதை எண்களோடு எழுதுங்கள்: அறைக்காற்று, 1 பார், பிசகு 0.1 விழுக்காட்டுக்கும் கீழ். நிறைவுற்ற நீராவி, 4 பார், பிசகு 4 விழுக்காடு, காரணம் ஈர்ப்பு, உடைந்த வரி 2. பிறகு நான்காம் பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு, கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எடுகோளைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இன்னும் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். அந்த வரியை மறுபடி உடையுங்கள்.